காக்கா பிள்ளைகளின் கணக்கு நோட்டு

2014இல் என் அண்ணன், நாங்கள் காக்கா என்று கூப்பிடுபவர், தவறியபோது அவருடைய மகனுக்கு 9 வயது, மகளுக்கு 6. எங்கள் வாப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். எங்கள் உம்மா இருந்தார், காக்காவின் மனைவி மச்சி இருந்தார், நான் இருந்தேன். இராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர் எங்களுடையது. காக்கா ஹார்டுவேர் கடை வைத்திருந்தார், நான் துணிக்கடை.

உம்மா உயிரோடு இருக்கும் பிள்ளையைப் போய் எத்தீம் என்கிறார்களே என்று சிலர் கேட்பார்கள். ஷரீஅத்தில் எத்தீம் என்றால் தகப்பன் இல்லாத, பருவமடையாத பிள்ளை. உம்மா இருப்பதால் அந்தப் பேர் மாறாது. சொத்து விஷயத்தில் இதனால் வரும் விளைவு எனக்கு அன்றைக்குத் தெரியாது.

கடைச் சரக்கை விற்று, வரவேண்டிய பாக்கியை வசூலித்து, காக்காவின் கடனையும் மச்சிக்கு மணக்கொடையாகத் தரவேண்டியிருந்த மஹரையும் அடைத்தபின் 36 லட்சம் நின்றது. அதோடு மெயின் ரோட்டில் 6 சென்ட் மனை. ஊரின் மார்க்க அறிஞர் ஆலிம்சா பாகம் போட்டுத் தந்தார். மச்சிக்கு எட்டில் ஒன்று, 4.5 லட்சம். உம்மாவுக்கு ஆறில் ஒன்று, 6 லட்சம். மீதி 25.5 லட்சம் பிள்ளைகளுக்கு, ஆணுக்கு இரண்டு பங்கு பெண்ணுக்கு ஒன்று என்ற கணக்கில். மகனுக்கு 17, மகளுக்கு 8.5. மனையும் இதே விகிதத்தில் நாலு பேருக்கும் பொதுவானது.

இந்தப் பாகத்தைப் போடும் முன்பே ஒரு சச்சரவு வந்தது. நாற்பதாம் நாள் கத்தத்துக்கு ஊரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட வேண்டும், 60,000 ஆகும், காக்கா பணத்திலிருந்தே எடுக்கலாம் என்று உறவில் சிலர் சொன்னார்கள். ஆலிம்சா ஒரே வார்த்தையில் மறுத்தார். பணம் இனி காக்காவுடையது இல்லை, அதில் பெரும்பங்கு இரண்டு சின்னப் பிள்ளைகளுடையது. அவர்கள் சம்மதம் கொடுக்கும் வயதிலும் இல்லை. அவர்கள் பங்கிலிருந்து தர்மம் செய்யவோ அன்பளிப்பு கொடுக்கவோ கல்யாண வீட்டில் மொய் எழுதவோ யாருக்கும் உரிமை கிடையாது. செய்ய ஆசைப்படும் பெரியவர்கள் தங்கள் பங்கிலிருந்து செய்துகொள்ளட்டும் என்றார். உம்மா தன் பங்கிலிருந்து சின்ன அளவில் செய்தார்.

இனி என் தப்பைச் சொல்கிறேன். பணம் என் கைக்கு வந்த இரண்டாவது மாதம் நோன்பு. பெருநாள் சரக்கு எடுக்க எனக்கு 1.5 லட்சம் குறைந்தது. பிள்ளைகள் பணத்தை மூன்று வாரத்துக்குக் கைமாற்றாக எடுத்தேன். பெருநாளுக்கு முந்தின நாளே திருப்பி வைத்துவிட்டேன், ஒரு ரூபாய் குறையவில்லை. பெருமையாக ஆலிம்சாவிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "எத்தீம் பணம் உங்க கையில அமானிதம். அதை உங்களுக்கே கடன் கொடுக்க நீங்க யாரு? அந்த மூணு வாரத்துல கடை தீப்பிடிச்சிருந்தா என்ன செய்வீங்க?" என்றார்.

பிறகு விளக்கினார். பொறுப்பாளர் கவனமாக வைத்திருந்தும் பணம் திருட்டுப் போனாலோ ஒழுங்காகச் செய்த முதலீட்டில் நட்டம் வந்தாலோ அவர் ஈடுகட்ட வேண்டியதில்லை. தன் சொந்தக் காரியத்துக்கு எடுத்த நிமிடத்தில் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அதன்பின் எப்படித் தொலைந்தாலும் அது அவர் தலையில். நாங்கள் பின்பற்றும் மத்ஹபான, அதாவது மார்க்கச் சட்டப் பிரிவான ஷாஃபிஈயில் எத்தீமின் பணத்தை அடுத்தவருக்குக் கடன் கொடுப்பதே, பணத்துக்கு ஆபத்து போன்ற நெருக்கடி இல்லாமல், கூடாது. அநியாயமாக எத்தீம் சொத்தைத் தின்பவர்கள் வயிற்றில் நெருப்பைத் தின்கிறார்கள் என்ற குர்ஆனின் நிஸா அத்தியாயத்தின் 10ஆம் வசனத்தை அதற்குமுன் பலமுறை ஓதியிருக்கிறேன். எனக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் இரண்டு நோட்டு வாங்கினேன். ஒன்று மகனுக்கு, ஒன்று மகளுக்கு. ஒரே நோட்டில் இரண்டு பேரையும் எழுதினால் எங்கே தப்பு வரும் என்பது ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்து மனை. 2015 தொடக்கத்தில் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டார். பத்திரம் எழுதுபவரிடம் போனோம். "தாயார் பிள்ளைகளுக்காகவும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டா போதும்" என்றார் அவர். எதற்கும் கேட்போம் என்று வக்கீலிடம் போனது நல்லதாகப் போயிற்று. முஸ்லிம் சட்டப்படி பிள்ளையின் சொத்துக்குப் பொறுப்பாளர் யார் என்பது ஒரு குறுகிய வரிசை: தகப்பன், தகப்பன் வஸிய்யத்தில், அதாவது உயிலில் நியமித்தவர், தகப்பனின் தகப்பன், அவர் நியமித்தவர். அவ்வளவுதான். தாய் அந்த வரிசையில் இல்லை, சாச்சாவான, அதாவது சித்தப்பாவான நானும் இல்லை. பிள்ளையை வளர்ப்பது வேறு, சொத்தைக் கையாள்வது வேறு. வரிசையில் இல்லாதவர் பிள்ளையின் நிலத்தை விற்றால் அந்த விற்பனை செல்லாது என்று 1918லேயே பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பிள்ளை வளர்ந்து வழக்குப் போட்டால் வாங்கினவர் பாடு திண்டாட்டம். நாங்கள் இதைச் சொன்னதும் வாங்க வந்தவர் மெல்ல நழுவிவிட்டார். அவர்மேல் தப்பில்லை.

(காக்கா நாலு வரி வஸிய்யத் எழுதி என்னையோ மச்சியையோ நியமித்திருந்தால் அடுத்த பதினொரு மாத அலைச்சல் இல்லை. நான் அந்த வருடமே என்னுடையதை எழுதி வைத்தேன். தாயையும் நியமிக்கலாம், தடையில்லை.)

வழி ஒன்றுதான் இருந்தது. 1890ஆம் வருடத்துக் காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டத்தின்கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் மனு. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, சொத்துப் பட்டியல், இதோடு நான் பொறுப்பேற்கச் சம்மதிக்கிறேன் என்று இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்ட உறுதிமொழி. பிள்ளைகளின் வளர்ப்புக்கு மச்சி, சொத்துக்கு நான் என்று பிரித்துக் கேட்டோம். சட்டம் அதற்கு இடம் தருகிறது. மச்சியைத் தனியாகக் கேட்டார் நீதிபதி, சம்மதம்தானா என்று. மச்சி சொன்ன பதில் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: "கணக்கு எனக்கும் காட்டணும், அது மட்டும் எழுதுங்க ஐயா."

உத்தரவு வந்தது. பிணைப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன். ஆறு மாதத்துக்குள் சொத்து விவரம் தாக்கல் செய்ய வேண்டும், வருடத்துக்கு ஒருமுறை கணக்கு, பணத்தை அவரவர் பேரில் வங்கியில் நிரந்தர வைப்பாக வைக்க வேண்டும். நீதிமன்ற அனுமதி இல்லாமல் நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது, ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விடவும் கூடாது. அனுமதி கேட்டாலும், அவசியம் அல்லது பிள்ளைக்குத் தெளிவான லாபம், இரண்டில் ஒன்றைக் காட்டினால்தான் கிடைக்கும். ஷாஃபிஈ நூல்கள் எத்தீமின் நிலத்தை விற்பதற்குச் சொல்லும் நிபந்தனையும் இதே இரண்டுதான் என்று ஆலிம்சா சொன்னபோது வக்கீலுக்கே ஆச்சரியம்.

வங்கி வைப்பு என்றதும் வட்டிப் பிரச்சினை வந்தது. வட்டி ஹராம், எடுத்து ஏழைகளுக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். சட்டப்படி அந்த வட்டி பிள்ளைகளின் பணம், கணக்கில் காட்ட வேண்டியது, அதைத் தூக்கிக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. கடைசியில் நோட்டில் வட்டிக்குத் தனிப் பக்கம் போட்டேன். அதைத் தொடவில்லை, பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் எடுக்கவில்லை. வயது வந்ததும் அவர்களே தீர்மானிக்கட்டும் என்று விட்டேன்.

சொத்திலிருந்து வருடா வருடம் கொடுக்க வேண்டிய கட்டாயத் தர்மமான ஜகாத்திலும் ஒரு இழுபறி. சிறுவர் சொத்துக்கும் ஜகாத் உண்டு, பொறுப்பாளர் அதிலிருந்தே கொடுக்க வேண்டும் என்பது ஷாஃபிஈ. ரொக்கத்துக்கும் தங்கத்துக்கும் சிறுவர்மேல் ஜகாத் கடமையில்லை என்பது இன்னொரு மத்ஹபான ஹனஃபி. மச்சியின் குடும்பம் ஹனஃபி. மச்சியின் வாப்பா என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார், பேரப்பிள்ளைகள் பணம் கரைகிறதே என்று. பிள்ளைகள் எங்கள் மத்ஹபில் வளர்கிறார்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். நீதிமன்றக் கணக்கிலும் ஜகாத் என்று பேர் சொல்லியே காட்டினேன்.

ஆனால் அவர் கவலையில் நியாயம் இருந்தது. பணம் சும்மா கிடந்தால் வருடா வருடம் நூறுக்கு இரண்டரை போய்க்கொண்டே இருக்கும். எத்தீம்களின் பணத்தை வியாபாரத்தில் போடுங்கள், ஜகாத் அதைத் தின்றுவிடாமல் இருக்க என்று உமர் (ரலி) சொன்னதாக வரும் செய்தி இதற்காகத்தான். எதில் போடுவது? தெரிந்த ஒருவர் இறால் பண்ணைக்குக் கேட்டார், மாதம் இவ்வளவு என்று நிச்சயமாகத் தருவதாகச் சொன்னார். தொழிலில் லாபத்தில் பங்கு என்றால் பேசலாம். நட்டமே வராதது போல நிச்சயத் தொகை சொன்னால் அது தொழில்பங்கு இல்லை, வட்டிக் கடன். மறுத்துவிட்டேன். என் துணிக்கடையில் போடச் சொன்னவர்களும் உண்டு. நானே கொடுத்து நானே வாங்கினால் விலை பேசுவது யார்?

கடைசியில் மனையே வழி காட்டியது. மூன்று கடை கட்டி வாடகைக்கு விடலாம். கட்டடச் செலவு 12 லட்சம். நாலு பங்குதாரரும் அவரவர் விகிதத்தில் போடுவது, அதில் பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து 8.5 லட்சம். பொறியாளரின் மதிப்பீடு, அக்கம்பக்கக் கடைகளின் வாடகை விவரம், மச்சி, உம்மா இருவரின் சம்மதக் கடிதம் வைத்து மனுப் போட்டோம். சும்மா கிடக்கும் மனையில் வருமானம் வரும் என்று எழுத்தில் காட்டியதால் அனுமதி கிடைத்தது. ஒரு கடைக்கு 6,000 வீதம் மாதம் 18,000 வாடகை. அதில் மகனுக்கு 8,500, மகளுக்கு 4,250. வாடகை ஒப்பந்தத்தை பதினொரு மாதத்துக்கு மேல் போடவில்லை.

இந்த வாடகையிலிருந்துதான் பிள்ளைகளின் செலவு. சொத்துள்ள பிள்ளையின் செலவு முதலில் அதன் சொத்திலிருந்தே என்பது ஷரீஅத்; வருமானத்திலிருந்து சாப்பாடு, படிப்பு, வைத்தியம் என்பது சட்டம். முதல் தொகையை உடைக்கும் செலவு எதுவானாலும் நீதிமன்றத்திடம் கேட்டுவிட்டுத்தான் செய்தேன்.

சாப்பாட்டுக் கணக்கு எப்படிப் போடுவது? முதலில் நான் அரிசியைத் தனியாக அளந்து வைக்கச் சொல்லும் அளவுக்குப் போனேன். மச்சி சிரித்தார். நபிகள் காலத்திலும் எத்தீம் சொத்துப் பற்றிய எச்சரிக்கை இறங்கியதும் சிலர் பயந்துபோய் உணவையே தனியாகப் பிரித்தார்கள், பிறகுதான் பகரா அத்தியாயத்தின் 220ஆம் வசனம் வந்தது: சேர்ந்து வாழ்ந்தால் அவர்கள் உங்கள் சகோதரர்கள், கெடுப்பவன் யார் திருத்துபவன் யார் என்று அல்லாஹ் அறிவான். ஆக அடுப்பு ஒன்று, நோட்டு வேறு. உம்மா வீட்டில் நாலு பேருக்கு மளிகை, காய், மீன் எல்லாம் மாதம் 10,000 ஆனது. தலைக்கு 2,500 வரும், பிள்ளைகள் குறைவாகச் சாப்பிடுவார்கள் என்று தலைக்கு 2,000 எழுதினேன்.

முன்பு சொன்ன தப்பு இங்கேதான் நடந்தது. முதல் வருடம் மகனிடம் பணம் அதிகம் என்று இரண்டு பேர் செலவையும் அவன் நோட்டிலேயே எழுதிவிட்டேன். தங்கச்சிக்கு அண்ணன் செய்வதுதானே என்று தோன்றியது. வருடக் கணக்கைப் பார்த்த வக்கீல் கேட்டார், மகன் இதற்குச் சம்மதித்தானா என்று. பத்து வயதுப் பையன் சம்மதிக்க முடியாது. மகளுக்குச் சொந்தமாகப் பணம் இருக்கும்போது அவள் செலவு அவளுடையது. திருத்தி எழுத மூன்று நாள் ஆனது. சொத்து இரண்டுக்கு ஒன்று. செலவு அவரவர் சாப்பிட்டது, படித்தது.

எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வசதியுள்ளவர் விலகிக்கொள்ளட்டும், ஏழையாக இருப்பவர் நியாயமான அளவு எடுத்துக்கொள்ளட்டும் என்பது நிஸா 6ஆம் வசனம். நியாயமான அளவு என்பதற்கு எங்கள் மத்ஹபில் அளவுகோல் உண்டு: அந்த வேலைக்கு வெளியே கொடுக்கும் கூலி ஒன்று, அவருடைய அன்றாடத் தேவை ஒன்று, இரண்டில் எது குறைவோ அது. சட்டத்திலும் நீதிமன்றம் விரும்பினால் ஒரு ஊதியம் நிர்ணயிக்கலாம். எனக்குக் கடை ஓடிக்கொண்டிருந்தது, கேட்கவில்லை. நீதிமன்றத்துக்குப் போன பஸ் கட்டணமும் வக்கீல் கட்டணமும் மட்டும் கணக்கில். சின்னச் சின்னதாக என் கையிலிருந்து கொடுத்ததை அன்பளிப்பாகவே விட்டேன். பின்னால் கேட்பதாக இருந்தால் அன்றைக்கே "கடன்" என்று எழுத வேண்டும். பத்து வருடம் கழித்து நினைவிலிருந்து கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள், நம்பவும் கூடாது.

அதே 6ஆம் வசனம் எத்தீம்களைச் சோதித்துப் பாருங்கள் என்றும் சொல்கிறது. கையில் கொடுக்கும் நாளில் சோதிக்க ஆரம்பித்தால் தாமதம். மகனுக்கு 13 ஆனபோது பள்ளிக்கூடச் சாமான் வாங்க 2,000 கொடுத்து, பேரம் பேசி வாங்கி மிச்சத்தை எழுதச் சொன்னேன். 14இல் மூன்று கடையிலும் வாடகை வாங்க அவனை அனுப்பினேன். ஒரு மாதம் 800 ரூபாய் குறைந்தது. கூட்டாளிக்குக் கடன் கொடுத்தானாம். திட்டவில்லை, "என்றைக்குத் தருவான்?" என்று மட்டும் கேட்டேன். தெரியாது என்றான். பணம் வரவே இல்லை. அடுத்த வருடம் அதே கூட்டாளி கேட்டபோது கொடுக்கவில்லை என்று அவனே வந்து சொன்னான்.

எப்போது ஒப்படைப்பது என்பதில்தான் இரண்டு சட்டமும் பிரிகின்றன. ஷரீஅத்தில் இரண்டும் வேண்டும்: பருவமடைவதும் ருஷ்தும், அதாவது பணத்தைக் கையாளும் பக்குவமும். அடையாளங்கள் தெரியாவிட்டால் 15 வயதோடு பருவம். பக்குவம் இல்லையென்றால் பணம் நிறுத்தி வைக்கப்படும். இமாம் அபூஹனீஃபா மட்டும் 25 வயதுக்குமேல் எப்படியிருந்தாலும் கொடுத்துவிட வேண்டும் என்றார். இந்தியச் சட்டமோ வயதை மட்டும் பார்க்கிறது. நீதிமன்றம் காப்பாளரை நியமித்த பிள்ளைக்கு முன்பு 21 என்று இருந்தது. 1999 திருத்தத்துக்குப் பிறகு எல்லோருக்கும் 18. ஊரில் இன்னும் 21 என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், அது பழைய கதை. புத்தி வரவில்லை என்று 18க்குமேல் நான் பிடித்து வைத்தால் நான்தான் பதில் சொல்ல வேண்டும். 15க்கும் 18க்கும் நடுவில் அவனுக்குக் கணக்கு முழுவதும் காட்டினேன், பணம் கொடுக்கவில்லை.

2023இல் 18 முடிந்தது. ஒப்படைக்கும்போது சாட்சி வையுங்கள் என்பதும் அந்த வசனத்தில்தான் இருக்கிறது. மச்சி, ஆலிம்சா, ஜமாஅத்தில் இரண்டு பெரியவர்கள் முன்னால் ஒன்பது வருட நோட்டை விரித்தேன். வைப்புப் பத்திரங்கள், வட்டிப் பக்கம், வாடகைப் புத்தகம், அவன் பங்கு மனைப் பத்திரத்தின் நகல். பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்து வாங்கினேன். பிறகு நீதிமன்றத்தில் கணக்கைத் தாக்கல் செய்து பொறுப்பிலிருந்து விடுவிக்கும் உத்தரவு வாங்கினோம். வீட்டில் வாங்கிய கையெழுத்தோடு நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். பிணைப் பத்திரம் அங்கே உயிரோடு இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். வட்டிப் பணத்தை அவன் ஒரே வாரத்தில் ஆஸ்பத்திரிச் செலவுக்கு முடியாத ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தான். என்னைக் கேட்கவில்லை.

மூன்று மாதம் கழித்து வந்தான். "சாச்சா, கடைகள்ல என் பங்கை நீங்களே வாங்கிக்குங்க. நான் மொபைல் கடை போடணும்." விலையும் கொஞ்சம் குறைவாகத்தான் சொன்னான். எனக்கு ஆசை வரவில்லை என்று சொன்னால் பொய். அந்த இடத்தின் விலை இன்று எங்கேயோ போய்விட்டது. வக்கீலிடம் கேட்டேன். காப்பாளராக இருந்தவர் அந்தப் பிள்ளை வயதுக்கு வந்த கையோடு அவன் சொத்தை வாங்கினால், பழைய உறவின் செல்வாக்கு அதில் இருப்பதாகவே சட்டம் பார்க்கும் என்றார். 18 ஆன மறுநாள் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தன் வைப்பிலிருந்து 4 லட்சம் எடுத்துக் கடை போட்டான். பங்கு அவனிடமே இருக்கிறது.

மகளுடைய நோட்டு இன்னும் என்னிடம். பெண்பிள்ளைதானே, கட்டிக்கொடுக்கும்போது நகையாகப் போட்டுக் கணக்கை முடித்துவிடலாம் என்று உறவில் பேச்சு ஓடுகிறது. கல்யாணத்துக்கும் ஒப்படைப்புக்கும் எங்கள் மத்ஹபில் சம்பந்தம் இல்லை, சட்டத்திலும் இல்லை. அவளுக்கு 18 ஆகும் நாளில் அவள் பணம் அவள் கையில். நகை வாங்குவதா, படிப்பதா, அண்ணன் கடையில் போடுவதா என்பது அவள் பாடு. அவள் என் வேலையைக் குறைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தால் நோட்டைக் கேட்டு வாங்கிக் கூட்டிப் பார்க்கிறாள். போன மாதம் மளிகையில் 150 ரூபாய் கூடுதலாக எழுதியிருந்தேன். பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருந்தாள்.